கண்டற்சேற்றில் எவ்வளவு காபன்? ஒரு குழாய் மண்ணில் இருந்து ஒரு ஹெக்டேயர் கணக்கு வரை

கண்டற்காடுகளை மீள நடும் முயற்சிகளுக்கு உதவி கேட்கும் வேண்டுகோள்கள் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களை அவ்வப்போது வந்தடைகின்றன. அவற்றில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். "ஒரு ஹெக்டேயர் கண்டற்காடு இத்தனை நூறு தொன் காபனைத் தேக்கி வைத்திருக்கிறது" என்று அது சொல்லும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அளக்கிறார்கள், எந்த இடத்தில் அது பிழைத்துப்போகும் என்பவற்றை ஒருமுறை விளங்கிக்கொண்டால், அத்தகைய அறிக்கையை எவரும் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்கு உயர்ந்த கணிதம் எதுவும் தேவையில்லை. மூன்று எண்களைப் பெருக்கத் தெரிந்தால் போதும். அந்த மூன்று எண்களும் எப்படிக் கிடைத்தன என்பதில்தான் விடயம் இருக்கிறது.

காபன் சேற்றில் ஏன் தங்குகிறது

கண்டற்காட்டில் கண்ணுக்குத் தெரிவது மரமும் மிண்டி வேர்களும்தான். ஆனால் காபனின் பெரும்பகுதி அவற்றுக்குக் கீழே சேற்றில் இருக்கிறது. இந்து, பசிபிக் சமுத்திரப் பகுதிகளின் 25 கண்டற்காடுகளை ஆராய்ந்து டொனாட்டோவும் அவரது குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், காட்டின் மொத்தக் காபனில் 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணிலேயே இருந்தது. சேதனப் பொருள் நிறைந்த அந்த மண்ணின் ஆழம் இடத்துக்கு இடம் அரை மீற்றரில் இருந்து மூன்று மீற்றருக்கு மேல் வரை வேறுபட்டது.

இதற்குக் காரணம் வற்றும் பெருகும் கடல்நீர்தான். உதிர்ந்த இலையும் இறந்த வேரும் நீர் ஊறிய சேற்றில் புதைகின்றன. அங்கே ஒட்சிசன் மிகக் குறைவு. மேட்டு நிலத்தில் ஓரிரு ஆண்டுகளில் உக்கி, காபனீரொட்சைட்டாகக் காற்றில் கலந்துவிடும் பொருள், இங்கே நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அதன்மேல் வண்டல் படிய, புதிய வேர்கள் இறங்க, மண் மட்டமும் மெல்ல உயர்ந்து போகும். ஆகவே இந்தக் காபனை அளக்க வேண்டுமானால் மரத்தின் சுற்றளவை மட்டும் அளந்து பயனில்லை. சேற்றுக்குள் குழாய் இறக்கித்தான் ஆகவேண்டும்.

மூன்று அளவுகள்

ஒரு மண் படையில் எவ்வளவு காபன் இருக்கிறது என்பதை அறிய மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்தப் படை எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பு? அதில் ஒரு கன சென்ரிமீற்றரில் எத்தனை கிராம் உலர்ந்த மண் இருக்கிறது? அந்த உலர்ந்த மண்ணில் நூற்றுக்கு எத்தனை பங்கு சேதனக் காபன்? முதலாவது தடிப்பு, இரண்டாவது உலர் அடர்த்தி, மூன்றாவது காபன் சதவீதம். இவற்றைப் பெருக்கினால் விடை நேரடியாக ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்றே வந்துவிடும்.

காபன் (தொன்/ஹெக்டேயர்) = தடிப்பு (செ.மீ.) × உலர் அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) × காபன் சதவீதம்

அலகுகளை மாற்றாமலே விடை எப்படித் தொன்னில் வருகிறது என்ற ஐயம் எழலாம். ஒரு ஹெக்டேயரில் பத்துக் கோடிச் சதுர சென்ரிமீற்றர் உண்டு. ஒரு தொன்னில் பத்து இலட்சம் கிராம் உண்டு. ஒன்றை மற்றதால் வகுத்தால் 100. சதவீதத்தைப் பின்னமாக்க 100ஆல் வகுக்கவேண்டும். இரண்டு நூறும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இந்த வசதியால்தான் களத்தில் இருப்பவர்களும் தாளும் பென்சிலும் கொண்டு கணக்கைப் பார்த்துவிடுகிறார்கள்.

இந்தச் சூத்திரத்தைப் படிப்பவரின் கண் வழமையாகக் காபன் சதவீதத்துக்கே போகும். ஆய்வுகூடத்தில் இருந்து வருவதும், காபன் என்ற பெயரைத் தாங்கி நிற்பதும் அதுதான். ஆனால் பெருக்கலில் மூன்று எண்களுக்கும் சம உரிமை. அடர்த்தியில் பத்துச் சதவீதப் பிழை விட்டால் விடையிலும் பத்துச் சதவீதப் பிழை வரும். சேற்றைத் தோண்டும்போதும் வெட்டும்போதும் ஏற்படும் பிழைகள் தடிப்பிலும் அடர்த்தியிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றைப் பிறகு எந்த ஆய்வுகூட இயந்திரமும் திருத்தித் தராது.

சேற்றை எடுப்பது

கண்டற்சேற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது நெடுக்காகப் பிளந்த அரைக்குழாய் வடிவக் கருவி. கைப்பிடியைப் பிடித்து நிலத்துக்குள் அழுத்தி, வேண்டிய ஆழம் வந்ததும் திருகினால், அதன் விளிம்பு பக்கத்துச் சேற்றை அரைவட்டமாக அறுத்துத் தனக்குள் அடைத்துக்கொள்ளும். மேலே இருந்து கீழே நெருக்காமல் பக்கவாட்டில் அறுப்பதால் சேறு அமுங்குவது குறைவு. மணலும் சிப்பி ஓடும் நிறைந்த இடத்திலும், தடித்த வேர்கள் பின்னிக் கிடக்கும் இடத்திலும் இக்கருவி இலகுவில் இறங்காது. அங்கே முழு வட்டக் குழாயை அடித்து இறக்குவார்கள். அதனால் வரும் சிக்கலைப் பின்னர் பார்ப்போம்.

குழாயை வைக்கும் முன் மேலே கிடக்கும் உதிர்ந்த இலைகளை அகற்றவேண்டும். அவை மண் அல்ல. அவற்றை வேறாகக் கணக்கிடுவார்கள். வெளியே எடுத்த சேற்றுத் தண்டைக் கிடையாக வைத்து, அளவுகோலைப் பக்கத்தில் நீட்டி, பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் பிரிப்பு 0 முதல் 15, 15 முதல் 30, 30 முதல் 50, 50 முதல் 100 சென்ரிமீற்றர் என்பது. ஒரு மீற்றருக்குக் கீழும் சேறு இருந்தால் அது இன்னொரு பகுதி. முழுச் சேற்றையும் ஆய்வுகூடத்துக்குச் சுமப்பதில்லை. ஒவ்வொரு பகுதியின் நடுவில் இருந்தும் ஐந்து சென்ரிமீற்றர் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, பையில் இட்டு, இடமும் ஆழமும் எழுதி மூடுவார்கள்.

அந்த ஐந்து சென்ரிமீற்றர் துண்டை வெட்டும் கத்திதான் முழுக் கணக்கின் அச்சாணி. கவனக்குறைவால் ஐந்தரை சென்ரிமீற்றர் வெட்டி, ஐந்து என்று எழுதிவிட்டால், அடர்த்தி பத்துச் சதவீதம் கூடிவிடும். அந்தப் பகுதியின் காபனும் அதே அளவு கூடிவிடும்.

உலர் அடர்த்தி

குழாயின் உள் விட்டம் ஐந்து சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அதன் அரைவட்டப் பரப்பு 9.82 சதுர சென்ரிமீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் நீளத் துண்டின் கனவளவு 49.1 கன சென்ரிமீற்றர். இந்தக் கனவளவைச் சேறு ஈரமாக, குழாயில் இருந்த வடிவத்திலேயே கணக்கிட்டு முடிக்கவேண்டும். உலர்ந்தபின் அளந்தால் பயனில்லை. களிமண் சேறு காயும்போது வெடித்துச் சுருங்கிவிடும். சுருங்கிய கட்டியின் கனவளவால் வகுத்தால் அடர்த்தி உண்மையைவிட மிகக் கூடுதலாக வரும்.

பிறகு துண்டை 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்துவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நிறுத்து, நிறை மேலும் குறையாமல் நிலைத்து நிற்கும்போதுதான் உலர்ந்தது என்று கொள்வார்கள். எமது துண்டு உலர்ந்தபின் 27 கிராம் நிறுத்தது என்றால், 27ஐ 49.1ஆல் வகுக்க 0.55 வரும். அதாவது ஒரு கன சென்ரிமீற்றரில் அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடுதலான மண்தான் உண்டு. எஞ்சிய இடத்தை நிரப்பி நின்றது கடல்நீர். தோட்டத்து மண்ணின் அடர்த்தி பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், கண்டற்சேற்றில் கால் வைத்தவுடன் ஏன் முழங்கால்வரை புதைகிறது என்பதும் விளங்கும்.

காபன் சதவீதம்

உலர்ந்த மண்ணை இடித்துத் தூளாக்கி, மூலக அளவீட்டு இயந்திரத்தில் எரித்து, வெளிவரும் காபனீரொட்சைட்டைக் கொண்டு காபனை அளப்பதே நம்பகமான வழி. ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. இறந்த வேரின் காபனையும் சிப்பி ஓட்டின் காபனையும் அது வேறுபடுத்தாது. சிப்பி, நத்தை, பவளத் துகள் ஆகியன கல்சியம் காபனேற்று. அவற்றில் உள்ளது காடு தேக்கிய சேதனக் காபன் அல்ல. யாழ்ப்பாணத்தைப்போல் சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும் நிறைந்த கரைகளில் இந்த வேறுபாடு பெரியது.

ஆகவே தூளின் ஒரு சிட்டிகையில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் சில துளிகள் விட்டுப் பார்ப்பார்கள். நுரைத்துப் பொங்கினால் காபனேற்று இருக்கிறது. அதை அமிலத்தால் கரைத்து நீக்கிய பின்பே காபனை அளக்கவேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்துக் கிராம் மண்ணில் இரண்டு கிராம் சிப்பித்தூள் கரைந்து போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய எட்டுக் கிராமில் காபன் ஐந்து சதவீதம், அதாவது 0.4 கிராம். ஆனால் அடர்த்தியைக் கணக்கிட்டபோது சிப்பித்தூளும் சேர்ந்தே தராசில் இருந்தது. எனவே 0.4 கிராமைப் பத்தால் வகுத்து, நான்கு சதவீதம் என்றே சூத்திரத்தில் இடவேண்டும். ஐந்து என்று இட்டால் விடை கால்வாசி கூடிவிடும்.

உப்புக்கும் இதே விதி. சேற்று நீர் காயும்போது அதில் இருந்த உப்பு மண்ணோடு தங்கி அடர்த்தியைச் சற்றுக் கூட்டுகிறது. அதே உப்பு காபன் சதவீதத்தைச் சற்றுக் குறைக்கிறது. இரண்டையும் பெருக்கும்போது பிழை தானாகவே நீங்கிவிடும். ஒன்றுக்கு உப்போடு நிறுத்து, மற்றதற்கு உப்பைக் கழுவி அளந்தால்தான் பிழை நிலைக்கும். அடர்த்தியும் சதவீதமும் ஒரே நிலையில் உள்ள மண்ணுக்கு உரியனவாக இருக்கவேண்டும் என்பதே இதில் நினைவில் கொள்ளவேண்டியது.

இயந்திர வசதி இல்லாத இடங்களில் எரிப்பு இழப்பு முறையைக் கையாள்வார்கள். உலர்ந்த மண்ணை நிறுத்து, 450 பாகை செல்சியஸ் சூளையில் சில மணிநேரம் எரித்து, மீண்டும் நிறுப்பார்கள். குறைந்த நிறை ஏறத்தாழச் சேதனப் பொருளின் நிறை. சேதனப் பொருள் முழுவதும் காபன் அல்ல. அதில் ஏறக்குறைய பாதிதான் காபன். எனவே இழப்பைக் காபனாக மாற்ற ஒரு சமன்பாடு வேண்டும். கண்டல் மண்ணுக்கென்று வழிகாட்டி நூல்களில் பரவலாகக் காணப்படுவது, பசிபிக் தீவுகளின் மண்ணில் இருந்து பெறப்பட்ட பின்வரும் சமன்பாடு.

காபன் சதவீதம் = 0.415 × எரிப்பு இழப்புச் சதவீதம் + 2.89

சேதனப் பொருள் மிகுந்த மண்ணுக்கு இது பொருந்தக்கூடும். ஆனால் எரிப்பு இழப்பு வெறும் ஐந்து சதவீதமான சாம்பல்நிறக் களிச் சேற்றுக்கு இதைப் பயன்படுத்தினால் காபன் 4.97 சதவீதம் என்று வரும். ஐந்து கிராம் சேதனப் பொருளில் ஏறத்தாழ ஐந்து கிராமும் காபன் என்று அதற்குப் பொருள். அது நடக்க முடியாதது. சமன்பாட்டின் முடிவில் நிற்கும் 2.89 என்ற எண், காபன் குறைந்த மண்ணில் இல்லாத காபனை உண்டாக்கிக் காட்டுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. காபன் சதவீதத்தை எரிப்பு இழப்பால் வகுத்துப் பாருங்கள். விடை அரைக்கு அண்மையில் இருந்தால் நம்பலாம். ஒன்றை நெருங்கினால் அந்தச் சமன்பாடு அந்த மண்ணுக்கு உரியதல்ல. சரியான வழி, அந்த இடத்து மண்ணிலேயே சில மாதிரிகளை இயந்திரத்தில் அளந்து, அவ்விடத்துக்கென்று ஒரு சமன்பாட்டைப் பெறுவதுதான்.

ஒரு குழாயின் கணக்கு

இப்போது ஒரு மீற்றர் சேற்றை மேலிருந்து கீழாகக் கணக்கிடுவோம். இவை கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஆற்று வண்டலும் வேரும் கலந்த ஒரு கண்டற்கரையில் எதிர்பார்க்கக்கூடியவை.

0–15 செ.மீ.: 15 × 0.45 × 8 = 54.0 தொன்
15–30 செ.மீ.: 15 × 0.55 × 6 = 49.5 தொன்
30–50 செ.மீ.: 20 × 0.70 × 4 = 56.0 தொன்
50–100 செ.மீ.: 50 × 0.90 × 2.5 = 112.5 தொன்
மொத்தம்: ஹெக்டேயருக்கு 272 தொன் காபன்

மேற்படை கறுத்து, வேர் நிறைந்து, எட்டுச் சதவீதக் காபனோடு இருக்கிறது. கீழ்ப்படை சாம்பல் நிறமாக, காபன் இல்லாததுபோல் தோன்றுகிறது. ஆனால் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தக் கீழ்ப்படையில்தான் இருக்கிறது. அதன் தடிப்பும் அடர்த்தியும் சதவீதக் குறைவை ஈடுசெய்துவிட்டன. மேல் 30 சென்ரிமீற்றரை மட்டும் தோண்டியவர் 103.5 தொன் என்றுதான் எழுதியிருப்பார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் எழுதியதையும் ஒரு மீற்றர் தோண்டியவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் காட்டைவிட அந்தக் காடு வளமானது என்று சொல்ல முடியாது.

மேலே சொன்ன பசிபிக் சமன்பாட்டைக் கீழ்ப்படைக்குப் பயன்படுத்தியிருந்தால் 2.5க்குப் பதிலாக 4.97 என்று இட்டிருப்பார்கள். அந்த ஒரு படை மட்டும் 112.5 தொன்னில் இருந்து ஏறத்தாழ 224 தொன்னாக உயர்ந்திருக்கும். சேற்றில் எதுவும் மாறாமலே காட்டின் பெறுமதி நூறு தொன்னுக்கு மேல் ஏறியிருக்கும்.

கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று பார்க்க வெளியே ஓர் அளவுகோல் உண்டு. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2013இல் வெளியிட்ட ஈரநில வழிகாட்டியில், கண்டல் மண்ணின் மேல் ஒரு மீற்றருக்கு ஹெக்டேயருக்கு 386 தொன் காபன் என்ற பொதுப் பெறுமானம் தரப்பட்டுள்ளது. களியும் மணலும் மிகுந்த கனிம மண்ணுக்கு 286, சேதன மண்ணுக்கு 471. எமது 272 கனிம மண்ணுக்கு உரிய எண்ணுக்கு அண்மையில் நிற்கிறது. சாண்டர்மனும் குழுவினரும் 2018இல் உலகம் முழுவதற்கும் கணித்த மதிப்பீட்டில் ஒரு மீற்றருக்கு 86 முதல் 729 தொன் வரை வேறுபாடு காணப்பட்டது. இந்த எல்லைக்கு வெளியே ஓர் எண் வந்தால், முதலில் ஆழம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். அடுத்து அலகைப் பார்க்கவேண்டும்.

அமுங்கிய சேறு

முழுவட்டக் குழாயை அடித்து இறக்கும்போது உள்ளே உள்ள சேறு அமுங்கும். 150 சென்ரிமீற்றர் நீளக் குழாயை 100 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கினால், வெளியே சேற்று மட்டத்துக்கு மேல் 50 சென்ரிமீற்றர் குழாய் தெரியும். இப்போது குழாயின் வாயில் இருந்து உள்ளே உள்ள சேற்று மட்டம் வரை அளவுகோலை விட்டுப் பாருங்கள். 70 சென்ரிமீற்றர் என்றால், உள்ளே இருப்பது 80 சென்ரிமீற்றர் சேறு மட்டுமே. நூறு சென்ரிமீற்றரில் இருந்த மண் எண்பதுக்குள் நெருங்கி நிற்கிறது. இந்த இரண்டு அளவுகளையும் குழாயை வெளியே இழுக்கும் முன்பே எடுக்கவேண்டும். இழுத்தபின் இந்தத் தகவலை எங்கிருந்தும் பெறமுடியாது.

இதன் விளைவைப் பார்ப்போம். சேற்றின் உண்மை அடர்த்தி 0.60, காபன் மூன்று சதவீதம் என்று கொண்டால், ஒரு மீற்றருக்கு 100 × 0.60 × 3 = 180 தொன். அமுங்கிய சேற்றில் அடர்த்தி 0.75 ஆகிவிட்டது. அமுங்கிய தடிப்பையே பயன்படுத்தினால் 80 × 0.75 × 3 = 180. விடை மாறவில்லை, ஏனெனில் மண்ணின் நிறை மாறவில்லை. பிழை நேர்வது இரண்டையும் கலக்கும்போதுதான். இறக்கிய ஆழம் நூறு என்று குறிப்பேட்டில் இருக்க, அமுங்கிய அடர்த்தியை அதனோடு பெருக்கினால் 100 × 0.75 × 3 = 225. இல்லாத 45 தொன் ஒவ்வொரு ஹெக்டேயரிலும் முளைத்துவிடும்.

அமுக்கம் எல்லாப் படைகளிலும் ஒரே அளவாக நேர்ந்தது என்று கொண்டே மேற்படி திருத்தத்தைச் செய்கிறோம். உண்மையில் மேலே உள்ள வேர்ச்சேறு அதிகமாகவும் கீழே உள்ள களி குறைவாகவும் அமுங்கும். சில வேளைகளில் குழாயின் வாய் அடைபட்டு, சேறு உள்ளே வராமல் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அப்போது உயரம் குறைவது அமுக்கத்தால் அல்ல, மண் இழப்பால். அமுக்கம் பெரிதாக இருந்தால் திருத்திக்கொண்டு இருப்பதைவிட, குழாயைக் கழுவி வேறிடத்தில் மீண்டும் இறக்குவதே நல்லது.

எத்தனை குழாய், எவ்வளவு ஆழம்

ஒரு குழாயின் வாயகலம் உள்ளங்கையளவு கூட இல்லை. அதை வைத்து ஹெக்டேயர் கணக்குச் சொல்வதில் உள்ள ஆபத்து வெளிப்படை. ஓடைக்கரையில் மணல் கூடுதலாக இருக்கும். உட்காட்டில் வேர்ச்சேறு கூடுதலாக இருக்கும். அதனால் பரவலான களமுறையில், நீரோரத்தில் இருந்து உள்நோக்கி ஒரு நேர்கோடு இட்டு, 25 மீற்றருக்கு ஒன்றாக ஆறு இடங்களில் மாதிரி எடுப்பார்கள். ஆறு விடைகளின் சராசரியோடு, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் எழுதவேண்டும். "272" என்று மட்டும் எழுதிய அறிக்கையைவிட "272, கூட்டல் கழித்தல் 40" என்று எழுதிய அறிக்கை நேர்மையானது.

ஆழத்துக்கும் இதுவே. ஒரு மீற்றர் என்பது ஒப்பிடுவதற்காக மனிதர் வைத்துக்கொண்ட எல்லை. சேறு அங்கே முடிந்துவிடுவதில்லை. இணைக்கக்கூடிய இரும்புக் கம்பியைப் பல இடங்களில் இறக்கி, பாறையிலோ மணலிலோ தட்டும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். அறுபது சென்ரிமீற்றரில் பாறை தட்டும் இடத்தில் ஒரு மீற்றர் என்று பெருக்குவது, இல்லாத நாற்பது சென்ரிமீற்றர் மண்ணுக்குக் கணக்கு எழுதுவதாகும்.

இருப்பு வேறு, வரவு வேறு

இப்போது வேண்டுகோளில் கண்ட எண்ணுக்கு வருவோம். 272 தொன் காபனைக் காபனீரொட்சைட்டாகச் சொல்வதானால் 44ஐ 12ஆல் வகுத்து வரும் 3.67ஆல் பெருக்கவேண்டும். விடை ஏறத்தாழ 997 தொன். இரண்டும் ஒரே சேற்றைப் பற்றிய எண்கள்தான். ஒன்று "காபன்" என்றும் மற்றது "காபனீரொட்சைட்டு" என்றும் தெளிவாக எழுதப்படாவிட்டால், படிப்பவர் நான்கு மடங்கு ஏமாறுவார்.

அதைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று உண்டு. குழாய் காட்டுவது இருப்பு. அது நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. இன்று நடும் கன்று அதை உண்டாக்கவில்லை. மேலே சொன்ன அதே 2013 வழிகாட்டி, மீளுருவாக்கப்பட்ட கண்டல் நிலத்தின் மண்ணில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 1.62 தொன் காபன் சேரும் என்று பொதுப் பெறுமானம் தருகிறது. ஐந்து ஆண்டுகளில் மண்ணில் சேர்வது ஏறத்தாழ எட்டுத் தொன். எமது 272 தொன் அந்த வேகத்தில் சேர 168 ஆண்டுகள் வேண்டும். ஆகவே "நீங்கள் நட உதவும் ஒரு ஹெக்டேயர் 272 தொன் காபனைத் தேக்கும்" என்று எழுதப்பட்டிருந்தால், அங்கே பழைய காட்டின் இருப்பைப் புதிய நடுகையின் வரவாகக் காட்டுகிறார்கள். அந்த இருப்பைக் காப்பாற்றுவது, ஏற்கெனவே நிற்கும் காட்டை வெட்டாமலும் அதன் சேற்றை வாரி வெளியே கொட்டாமலும் பாதுகாப்பதுதான். புத்தளம் பகுதியில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் நிலம் அழிக்கப்பட்டதை நாம் அறிவோம். பண்ணைக் குளம் தோண்டும்போது வெளியே எடுத்துக் குவித்த சேறு காற்றுப்பட்டு உக்கத் தொடங்குகிறது. நூறாண்டு வரவு அங்கே செலவாகிறது.

நட்ட கன்றுகள் எல்லாம் காடாவதும் இல்லை. கொடிகாரவும் குழுவினரும் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் உயிரோடு இருக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்று இடங்களில் மட்டுமே. ஆழிப்பேரலைக்குப் பின் நடப்பட்டவையும் அவற்றில் அடங்கும். நீர் மட்டத்துக்கும் உவர்ப்புக்கும் பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டது முக்கிய காரணங்களில் ஒன்று. கன்று இறந்த இடத்திலும் குழாய் இறக்கினால் பழைய சேற்றில் காபன் தெரியும். அந்த எண்ணை நடுகையின் வெற்றியாக எவரும் காட்டிவிடக்கூடாது. நடுகையால் சேர்ந்ததை அறிய, நடும் முன் ஒருமுறையும் ஆண்டுகள் கழிந்தபின் ஒருமுறையும், அதே இடத்தில் அதே முறையில் அளக்கவேண்டும். மண் மேற்பரப்பின் உயரம் எவ்வளவு மாறியது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

எனவே யாழ். கடனீரேரி, கொக்கிளாய், மட்டக்களப்பு வாவி என்று எந்தக் கரையைப் பற்றிய அறிக்கை கைக்கு வந்தாலும் இவற்றைக் கேளுங்கள். எவ்வளவு ஆழம்வரை தோண்டினார்கள்? எத்தனை இடங்களில்? அடர்த்தியை அந்த இடத்திலேயே அளந்தார்களா, அல்லது வேறு நாட்டு எண்ணை இரவல் எடுத்தார்களா? அமுக்கத்தைக் குறித்தார்களா? சிப்பியின் காபனை நீக்கினார்களா? சொல்லப்படுவது காபனா, காபனீரொட்சைட்டா? இருப்பா, வரவா? இவற்றுக்கு விடை வைத்திருப்பவர்கள் உண்மையில் சேற்றில் இறங்கியவர்கள். கேட்டவுடன் களக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டுவார்கள். விடை இல்லாதவர்களிடம் இருப்பது வேறொரு கரையில் வேறொருவர் அளந்த எண் மட்டுமே.